பாஸ்வேர்டு சரி, சரிபார்க்கத்தான் ஆளில்லை

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. கண்ணாடித் தகட்டில் சாயக்கலவை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கைவேலை. கல் செய்வதற்குக் கரண்ட் தேவையில்லை. கணக்குக்குத் தேவை. எந்த ஆர்டருக்கு எந்த நிறத்தில் எத்தனை கல் போனது, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் பட்டறையின் முன்னறையில் இருக்கும் ஒரே கணினியில் இருக்கிறது. அலுவலகம் காரைக்குடியில், செக்காலை ரோட்டில். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் தொழில். மூத்தவர் சென்னையில் இருந்துகொண்டு இரவு நேரத்தில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பட்டறைக் கணினிக்குள் வந்து கணக்குப் பார்ப்பார். அந்த இரண்டு இடத்துக் கணினிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் அழைத்தார். “தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். நாலு தடவை பார்த்துப் பார்த்துப் போட்டாச்சு. உள்ள விடமாட்டேங்குது.” திரையில் வந்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீளமான செய்தி. அதன் நடுவில் இருந்த வரி இதுதான்:

```
your Windows domain controller cannot be contacted to perform NLA
```

டொமைன் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்த்த கணினிகளின் கூட்டம். அதில் லாகின் செய்கிறவர் யார் என்று சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். இந்தச் செய்தியைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் பாஸ்வேர்டைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்து தங்கள் கணினியைச் சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் தவறான இடம். செய்தியில் ‘your’ என்று இருப்பதால் நம் பக்கத்தில்தான் ஏதோ அறுந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இவர்போல டொமைனில் சேராத வீட்டு லேப்டாப்பிலிருந்து போகிறவருக்கு, அறுந்திருப்பது எதிர்முனையில் இருக்கும் கணினிக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலருக்கும் இடையே உள்ள தொடர்பு. பாஸ்வேர்டு சரியா தவறா என்ற கேள்விக்கே அங்கே யாரும் இன்னும் போகவில்லை.

இது எப்படி என்று புரிய, என்எல்ஏ என்கிற நெட்வொர்க் லெவல் ஆத்தன்டிகேஷன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர் வீட்டு அமைப்பே இதற்குப் பொருத்தமான படம். பழைய ரிமோட் டெஸ்க்டாப்பில் 3389 போர்ட்டைத் தட்டுகிற யாரையும் முகப்பைத் தாண்டி வளவுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்து, அதன் பிறகுதான் “நீங்க யாரு?” என்று கேட்பார்கள். அதாவது, தொலைவில் உள்ள கணினி முழு லாகின் திரையையும் வரைந்து காட்டும். யாரென்றே தெரியாத ஒருவருக்காக ஒரு செஷனைத் திறந்து, நினைவகமும் செலவழிக்கும். விண்டோஸ் விஸ்டாவும் சர்வர் 2008-ம் வந்தபோது அறிமுகமான என்எல்ஏ, இந்தக் கேள்வியை முகப்பிலேயே கேட்கிறது. யார் என்று நிரூபித்த பிறகுதான் செஷன் திறக்கும்.

அந்த நிரூபணம் எந்த வரிசையில் நடக்கிறது என்பதில்தான் நம் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. இதைச் செய்யும் கிரெட்எஸ்எஸ்பி என்கிற நெறிமுறை முதலில் மறையாக்கப்பட்ட ஒரு குழாயை அமைக்கிறது. அடுத்து, அந்தக் குழாய்க்குள் நீங்கள் யார் என்று நிரூபிக்கச் சொல்கிறது. இந்தக் கட்டத்தில் உங்கள் பாஸ்வேர்டு எதிர்முனைக்குப் போவதில்லை. எதிர்முனை ஓர் எண்ணை எழுந்தமானமாக எடுத்து அனுப்புகிறது. உங்கள் கணினி அந்த எண்ணையும் உங்கள் பாஸ்வேர்டை அரைத்துக் கிடைக்கும், திரும்பப் பாஸ்வேர்டாக்க முடியாத ஹாஷையும் சேர்த்துப் பிசைந்து ஒரு விடையை அனுப்புகிறது. என்டிஎல்எம் என்று சொல்லப்படும் முறை இது. விடை சரி என்று தெரிந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் பாஸ்வேர்டே அனுப்பப்படுகிறது.

இப்போது எதிர்முனையில் இருக்கும் பட்டறைக் கணினியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதன் கையில் இருப்பது தான் கொடுத்த எண்ணும், வந்த விடையும் மட்டுமே. விடை சரியா என்று பார்க்க அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பயனரின் ஹாஷ் வேண்டும். டொமைன் பயனரின் ஹாஷ் டொமைன் கன்ட்ரோலரில் மட்டுமே இருக்கிறது. எனவே பட்டறைக் கணினி, எண்ணையும் விடையையும் எடுத்துக்கொண்டு காரைக்குடி அலுவலகத்தில் இருக்கும் கன்ட்ரோலரிடம் போய் “இது சரியா?” என்று கேட்கிறது. கன்ட்ரோலர் கண்ணில் படவில்லையென்றால் கேட்க ஆளில்லை. சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. அப்போது திரையில் வருவதுதான் மேலே உள்ள செய்தி.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். கணக்குப் பார்க்கும் பெரியவரை அங்கே எல்லாரும் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் போகும்போது அதே கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். “இங்க ஒண்ணும் கோளாறு இல்லையே தம்பி. காலையில வழக்கம்போலத்தான் திறந்தேன். அங்க மெட்ராஸ்லதான் ஏதோ கோளாறு” என்றார். மூத்தவரும் இவரும் தனித்தனி டொமைன் கணக்குகள் வைத்திருப்பவர்கள். மூத்தவர் முந்தைய மாதம் பட்டறைக்கு வந்தபோது நேரடியாக அந்தக் கணினி முன் உட்கார்ந்து தன் பெயரில் லாகின் செய்திருக்கிறார். நான் அவரைப் போனில் அழைத்து, அவர் அனுமதியோடு அவரே சொல்லச் சொல்ல அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கீபோர்டில் அடித்தேன். திறந்துகொண்டது. கணினிக்கு எதிரே உட்கார்ந்தால் உள்ளே விடுகிறது, தொலைவிலிருந்து வந்தால் அதே பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது.

பலரைக் குழப்புவது இந்த இடம்தான். கீபோர்டில் லாகின் ஆகிறதே, கன்ட்ரோலர் தொடர்பு இருக்கத்தானே வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. டொமைன் கணினி ஒவ்வொன்றும் தன்னிடம் லாகின் செய்தவர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. வழக்கமாகக் கடைசிப் பத்துப் பேருக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகும்போதும் அதில் லாகின் செய்ய முடிவது இந்தக் குறிப்பால்தான். ஆனால் அதில் இருப்பது பாஸ்வேர்டும் அல்ல, கன்ட்ரோலரில் உள்ள ஹாஷும் அல்ல. அந்த ஹாஷை உப்புச் சேர்த்து ஆயிரக்கணக்கான தடவை மறுபடி மறுபடி அரைத்து எடுத்த ஒரு சாரம். யாராவது கணினியைத் திருடிப் போனாலும் எளிதில் பயன்படக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

முழுப் பாஸ்வேர்டையும் கீபோர்டில் அடித்தால், கணினி அதே அரைப்பை மறுபடி செய்து, சாரமும் சாரமும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். தொலைவிலிருந்து வருகிறவரிடமிருந்து முழுப் பாஸ்வேர்டு இன்னும் வரவில்லை. வந்திருப்பது ஒரு விடை மட்டும். அதைச் சரிபார்க்க அசல் ஹாஷ் வேண்டும். சாரத்திலிருந்து ஹாஷைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே குறிப்பு கையில் இருந்தும் என்எல்ஏவுக்கு அது உதவாது. இது ஏதோ ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் குறை அல்ல. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீபோர்டில் திறந்துகொண்டது என்பதால் பாஸ்வேர்டு இன்றைக்குச் சரி என்று ஆகிவிடாது. கடைசியாகக் கன்ட்ரோலரோடு பேசிய அன்றைக்குச் சரியாக இருந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள். நடுவில் அலுவலகத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், தொடர்பு அறுந்த கணினி பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்றுக்கொள்ளும்.

சரி, தொடர்பு எங்கே அறுந்தது? அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் இடையே விபிஎன் பாலம் இருக்கிறது. அலுவலகம் 192.168.10 வரிசையில், பட்டறை 192.168.20 வரிசையில். கன்ட்ரோலரின் முகவரி 192.168.10.5. பட்டறையிலிருந்து அதற்குப் பிங் போனது. அதில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரும் திறந்தது, ஏனென்றால் அதை ஐபி முகவரியைப் போட்டே இணைத்திருந்தோம். கணக்கப்பிள்ளைக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

முதலில் ஈவென்ட் வியூவரைத் திறந்து System பகுதியில் பார்த்தேன். NETLOGON என்ற பெயரில் 5719 என்ற எண்ணோடு ஒரு பிழை இருந்தது. டொமைன் கன்ட்ரோலரோடு பாதுகாப்பான தொடர்பை ஏற்படுத்த முடியவில்லை என்று அதற்குப் பொருள். Security பகுதியில், தோல்வியடைந்த லாகின்களைப் பதியும்படி வைத்திருந்தால் 4625 என்ற பதிவும் கிடைக்கும். அதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். Logon Type என்ற இடத்தில் 3 என்று இருந்தால் அது நெட்வொர்க் வழி வந்த முயற்சி. Status என்ற இடத்தில் உள்ள எண் காரணத்தைச் சொல்லும். எங்களுக்கு இருந்தது 0xC000005E. லாகினைச் சரிபார்க்கச் சர்வர் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். பாஸ்வேர்டு உண்மையிலேயே தவறாக இருந்தால் Sub Status இடத்தில் 0xC000006A என்று வரும். இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்து, கணினியால் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று அதையே கேட்டேன். டொமைனின் பெயர் pattarai.local என்று வைத்துக்கொள்வோம்.

```
nltest /dsgetdc:pattarai.local
nslookup -type=srv _ldap._tcp.dc._msdcs.pattarai.local
```

முதல் கட்டளைக்கு 1355, ERROR_NO_SUCH_DOMAIN என்று பதில் வந்தது. அப்படி ஒரு டொமைனே இல்லை என்கிறது. இரண்டாவது கட்டளைக்கு வந்த பதிலின் மேல்வரியிலேயே விடை இருந்தது. கேள்வியைக் கேட்டது 8.8.8.8 என்ற முகவரியிடம். அது கூகுளின் பொது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் சர்வர். அதற்கு எங்கள் pattarai.local எப்படித் தெரியும்? அப்படிப் பெயரே இல்லை என்று அது நேர்மையாகச் சொன்னது.

விண்டோஸ் கணினி தன் கன்ட்ரோலரைத் தேடுவது ஐபி முகவரியை நினைவில் வைத்து அல்ல. ஒவ்வொரு தடவையும் டிஎன்எஸ்ஸிடம் போய் “இந்த டொமைனுக்குக் கன்ட்ரோலர் எது?” என்று மேலே உள்ள நீளமான பெயரில் கேட்கிறது. அந்தப் பதிவு இருப்பது கன்ட்ரோலரிலேயே ஓடும் டிஎன்எஸ்ஸில். பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கிறது என்பதெல்லாம் பாதை இருக்கிறது என்று காட்டும். அந்தப் பாதையின் முடிவில் இருப்பவர்தான் கன்ட்ரோலர் என்று கணினிக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் மாற்றிவிட்டிருந்தார்கள்.

விசாரித்ததில் கதை வெளிவந்தது. வெள்ளிக்கிழமை மாலை நெட் மெதுவாக இருக்கிறது என்று லைன்காரரை அழைத்திருக்கிறார்கள். அவர் வந்து அந்தக் கணினியின் அடாப்டர் அமைப்பில் கையால் 8.8.8.8 என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இணையப் பக்கங்கள் வேகமாகத் திறந்தன. அவர் வேலை முடிந்தது. அன்று இரவு மூத்தவர் ரிமோட்டில் வந்து வேலையும் செய்திருக்கிறார். ஏற்கெனவே கன்ட்ரோலரைக் கண்டுபிடித்து ஏற்படுத்தியிருந்த தொடர்பு அப்போது உயிரோடு இருந்தது. மறுநாள் சனிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகு கணினியைப் போட்டபோது, அது கன்ட்ரோலரைப் புதிதாகத் தேடியது. தவறான ஆளிடம் கேட்டது. கிடைக்கவில்லை. ஆகவே எல்லாரும் மின்தடையைத்தான் குற்றம் சொன்னார்கள். பிழை தெரிந்த நேரத்தை வைத்துக் காரணத்தைத் தேடினால் இந்தக் கோளாறில் வழி தவறிவிடும். “கடைசியாக நெட்வொர்க்கில் யார் எதை மாற்றினார்கள்” என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. டிஎன்எஸ் முகவரியை 192.168.10.5 என்று மாற்றி, இவற்றைக் கொடுத்தேன்:

```
ipconfig /flushdns
nltest /dsgetdc:pattarai.local
nltest /sc_verify:pattarai.local
```

கடைசிக் கட்டளைக்கு NERR_Success என்று வந்தது. மூத்தவரை அழைத்து மறுபடி முயலச் சொன்னேன். அதே பாஸ்வேர்டில் உள்ளே வந்தார்.

“அப்ப ரெண்டாவது இடத்துல அந்த எட்டு எட்டைப் போட்டு வைங்களேன், நெட்டு வேகமா இருக்கும்ல” என்று கணக்கப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி, பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் டொமைன் கணினியில் அது கூடாது. முதல் டிஎன்எஸ் ஒரு நொடி பதில் சொல்லத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதிடம் போய்விடும், பிறகு சற்று நேரம் அதோடே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். “அப்படிப் பெயர் இல்லை” என்று இரண்டாவது சொல்லும் பதிலையும் அது இறுதியான பதிலாகவே எடுத்துக்கொள்ளும், முதலாவதிடம் திரும்பிப் போய்க் கேட்காது. அப்புறம் இதே பிழை வாரத்தில் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அது இன்னும் மோசம். வெளியுலகப் பெயர்களுக்கு வேகம் வேண்டுமென்றால், அலுவலகக் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டர் என்ற இடத்தில் 8.8.8.8 போடலாம். அன்று மாலை அலுவலகத்துக்குப் போய் அதைத்தான் செய்தேன். உள்பெயருக்கு அது தானே பதில் சொல்லும், வெளிப்பெயருக்கு மட்டும் வெளியே கேட்கும்.

இந்தப் பிழையைப் பற்றித் தேடினால் எங்கும் கிடைக்கும் முதல் யோசனை என்எல்ஏவை நிறுத்திவிடு என்பது. செய்தியே அப்படித்தான் வழி சொல்கிறது. நிறுத்தினால் வேலையும் செய்யும். ஏன் செய்கிறது என்பது மேலே சொன்னதிலிருந்து புரியும். என்எல்ஏ இல்லாவிட்டால் முழு லாகின் திரை வரும், அதில் முழுப் பாஸ்வேர்டை அடிப்பீர்கள், சேமித்து வைத்த சாரத்தோடு கணினி ஒப்பிட்டுக்கொள்ளும். அந்தக் கணினியில் முன்பு ஒரு தடவையாவது லாகின் செய்தவருக்குத்தான் இது நடக்கும். கன்ட்ரோலர் தொடர்பு அப்போதும் அறுந்தே இருக்கும்.

அதற்குக் கொடுக்கிற விலை பெரிது. 2019 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அடைத்த புளூகீப் என்ற ஓட்டை, விண்டோஸ் 7 உள்ளிட்ட பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் லாகின் செய்யாமலே நுழைய இடம் கொடுத்தது. என்எல்ஏ போட்டிருந்த கணினிகளில் அதைப் பயன்படுத்த முதலில் சரியான பெயரும் பாஸ்வேர்டும் வேண்டியிருந்தது. முகப்பில் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவ்வளவு பேரை வெளியே நிறுத்தியது. ஆகவே ஆள் போக முடியாத தூரத்தில் ஒரு கணினி, விபிஎன்னுக்கு உள்ளே மட்டும் திறந்திருக்கிறது, உள்ளே போய் டிஎன்எஸ்ஸைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் நிறுத்தலாம். அன்றே திரும்பப் போட்டுவிட வேண்டும். 3389 நேரடியாக இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் கணினியில் ஒரு நிமிடம்கூட நான் நிறுத்தமாட்டேன்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்தக் கணினிக்கே சொந்தமான லோக்கல் கணக்கு. அதன் ஹாஷ் அந்தக் கணினியிலேயே இருப்பதால், கன்ட்ரோலர் இல்லாமலும் என்எல்ஏவின் கேள்விக்கு விடையைச் சரிபார்த்துக்கொள்ளும். பெயரை இப்படிக் கொடுக்க வேண்டும், முன்னால் கணினியின் பெயரைப் போட்டு:

```
PATTARAI-PC\paramarippu
```

கணினிப் பெயரைப் போடாவிட்டால் டொமைன் கணக்கு என்று எடுத்துக்கொண்டு அதே பிழை வரலாம். நிர்வாகி உரிமையோ, ரிமோட் டெஸ்க்டாப் பயனர் குழுவில் இடமோ அந்தக் கணக்குக்கு இருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் இங்கே சிலரை ஏமாற்றும். டொமைனில் சேர்ந்த அலுவலகக் கணினியிலிருந்து, ஐபி முகவரியைப் போடாமல் பெயரைப் போட்டு அதே பட்டறைக் கணினிக்குப் போனால் சில நேரம் உள்ளே விட்டுவிடும். அங்கே என்டிஎல்எம்முக்குப் பதில் கெர்பரோஸ் முறை வேலை செய்கிறது. அலுவலகக் கணினி தானே கன்ட்ரோலரிடம் போய் ஒரு சீட்டு வாங்கிவருகிறது, பட்டறைக் கணினி அந்தச் சீட்டைத் தன்னிடமுள்ள சாவியாலேயே திறந்து பார்த்துக்கொள்கிறது. அதை வைத்து “ஆபீஸ்ல இருந்து போகுதே, அப்ப உங்க லேப்டாப்தான் பிரச்சினை” என்று சென்னைக்காரரிடம் சொல்லிவிடக் கூடாது.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்தும் உள்ளே விடவில்லையென்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். கணினியின் கடிகாரம் கன்ட்ரோலரின் கடிகாரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறதா என்பது ஒன்று. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, நீண்ட மின்தடைக்குப் பிறகு தேதி பின்னால் போன கணினிகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். மற்றது, கணினிக்கும் டொமைனுக்கும் இடையே உள்ள கணினியின் சொந்தப் பாஸ்வேர்டு ஒத்துப்போகாமல் போவது. பழைய பேக்கப்பைத் திரும்பப் போட்ட கணினிகளில் இது நடக்கும். அதற்கு லோக்கல் நிர்வாகியாக நுழைந்து பவர்ஷெல்லில் இதைக் கொடுத்தால் போதும், டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்க்க வேண்டியதில்லை:

```
Test-ComputerSecureChannel -Repair -Credential PATTARAI\nirvagi
```

பட்டறைக் கணினியில் அப்படி ஒரு லோக்கல் கணக்கு அதுவரை இல்லை. இருந்திருந்தால் ஞாயிறு இரவே காரைக்குடியில் உட்கார்ந்தபடி முடித்திருக்கலாம். திங்கட்கிழமை கிளம்பும் முன் ஒன்றை உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டு வைத்து, தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதைப் பேரேடுகள் இருக்கும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.